ஓரம் நறுக்கிய சீட்டுகள்

“என் சீட்டுல கை வெச்சது யாரு? இப்பவே சொல்லணும்!”

“நான்தான் அண்ணி. கை மட்டுமில்ல, கத்திரியும் வெச்சேன். உக்காந்து ஒவ்வொண்ணா நறுக்கினேன்.”

“நறுக்கினியா? எவ்வளவு தைரியம் இருந்தா என் முகத்தைப் பாத்துச் சொல்லுவ! என்னங்க, கேக்குதா உங்க தங்கச்சி பேசுறது?”

“ம்,” என்றது உள்ளறையிலிருந்து ஓர் ஆண்குரல். அந்த வீட்டு ஆண்பிள்ளை ஒரு நாளில் பேசுவதில் பாதி அதுதான். மீதிப் பாதி “ம்ஹும்.”

நான் தையல் மெஷினில் வைத்திருந்த காலை எடுத்துவிட்டேன். மெஷின் ஓடினால் பேச்சு சரியாகக் காதில் விழாது. எங்கள் மாடியில் வெளிச்சம் என்று ஒன்று வந்தால் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள நடைவழிப் பக்கம்தான் வரும். அதனால் மெஷினை வாசலை ஒட்டித்தான் போட்டிருக்கிறேன். எதிர் வீட்டுக் கூடம் நேராகத் தெரிவது என் குற்றமல்ல, வீட்டைக் கட்டியவன் குற்றம்.

கூடத்தின் நடுவில் அண்ணிக்காரி நின்றாள். கை நிறையச் சிறு அட்டைகள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், அதனால் நான் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் மாத்திரை. முகத்துக்கு நேரே சொன்னதில்லை. காலி மருந்துப் பெட்டிகளைக் கடையிலிருந்து கொண்டுவந்து, உள்பக்கத்து வெள்ளை வெளியே தெரியும்படி வெட்டி, மாதக்கணக்கில் செய்த சீட்டுகள் அவை. முன்பக்கம் ஒரு தனிமத்தின் பெயர், பின்பக்கம் அதன் குணம். எந்தத் தொகுதி என்று தெரிய, ஓரத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு. சோடியம், பொட்டாசியம் இருக்கும் முதல் தொகுதிக்குச் சிவப்பு. கால்சியம் இருக்கும் இரண்டாம் தொகுதிக்கு ஆரஞ்சு. குளோரின் கூட்டத்துக்குப் பச்சை. யாரோடும் சேராத மந்த வாயுக்களுக்கு நீலம். அவள் சீட்டு தயாரித்த நாட்களில் எங்கள் மாடி முழுக்க அழகு நிலையம் போல மணந்தது. இப்போது அந்தக் கலர்க் கோடுகளெல்லாம் நறுக்கப்பட்டுத் தரையில் சுருண்டு கிடந்தன. சீட்டுகளும் கலைந்து, வெறும் வெள்ளையாக இருந்தன.

எதிரே நாத்தனார்க்காரி. விளம்பரத் தட்டி அச்சடிக்கிற கடையில் எழுத்து அமைக்கிறவள், ஆகவே பேனர். ஒல்லியாக, நீளமாக, எப்போதும் காற்றில் விறைத்த மாதிரி நிற்பாள். பெயர் பொருத்தம்தான்.

“நீங்க படிக்கல அண்ணி, கலரைப் பாத்துச் சொல்றீங்க. சிவப்பு தெரிஞ்சா கார உலோகம், பச்சை தெரிஞ்சா ஹாலஜன். அங்க உள்ள கூப்பிட்டு, ‘இந்தாம்மா, சிவப்பு ஓரம் போட்ட பொட்டாசியம்’னா கேப்பாங்க? போன வருஷம் அதனாலதான் பதில் வராம நின்னீங்க.”

“நான் எதனால நின்னேன்னு நீ சொல்லித் தர வேண்டாம்டி. ஒரே ஒரு இடம். எனக்கு வயசு வரம்பு இந்த வருஷத்தோட முடியுது. உனக்கு இன்னும் காலம் கிடக்கு. ஆனா உனக்கு இப்பவே வேணும். அதான் என் கையை உடைச்சுட்டே.”

விஷயம் இதுதான். பெரிய மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். எழுத்துத் தேர்வில் இந்த வீட்டு இரண்டு பெண்களும் தேறிவிட்டார்கள். மிச்சம் வாய்மொழித் தேர்வு. அந்தப் பரிசோதனைக் கூடத்துத் தலைவியம்மா ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, பெயர் எழுதாத தனிம வரிசை அட்டவணையை முன்னால் விரித்து, தொகுதிகளையும் அவற்றின் குணங்களையும் கேட்பாள். போன வருஷம் அந்த வெற்றுக் கட்டங்களைப் பார்த்ததும் மாத்திரைக்கு வாய் கட்டிப்போனது. இந்த வருஷமும் கை நழுவிப் போனால் ஓய்வு பெறும்வரை இருமல் மருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

“உங்களுக்கு உதவிதான் பண்ணேன்,” என்றாள் பேனர்.

“கேட்டுட்டுப் பண்றதுக்குப் பேருதான் உதவி!”

அப்போதுதான் எனக்கு ஒரு பொறி தட்டியது. கத்திரி. காலையில் பேனர் என்னிடம் வந்து, “அக்கா, ஒரு நூல் பிரிஞ்சிருக்கு, கத்திரி குடுங்க” என்று வாங்கிப் போனது என் துணி வெட்டும் கத்திரி. அதால் அட்டையை வெட்டினால் கூர் என்னத்துக்கு ஆகும்? நியாயம் கேட்க எழுந்து போனேன். நியாயம் கேட்கத்தான், வேடிக்கை பார்க்க அல்ல.

“என் கத்திரி எங்கடி?”

“நாளைக்குத் தரேன் அக்கா.” திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாத்திரை தரையில் உட்கார்ந்து, வெட்டிய ஓரங்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். எந்த ஓரம் எந்தச் சீட்டுடையது என்று பொருத்திப் பார்த்தாள். எல்லாமே ஒரே மாதிரி நேராக வெட்டியிருந்தது. என் கத்திரி அவ்வளவு நல்ல கத்திரி.

கூடத்துச் சுவரில் பேனரின் படைப்பு தொங்கியது. ஏதோ ஒரு நகைக்கடைத் தட்டியைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் பட்டை மார்க்கரால் வரைந்த கருத்து வரைபடம். நடுவில் ‘வெளிக்கூட்டு எலக்ட்ரான்’ என்று ஒரு வட்டம். அதிலிருந்து ‘ஒன்று’, ‘இரண்டு’, ‘ஏழு’, ‘நிறைந்தது’ என்று அம்புகள் கிளம்பி, வட்டத்துக்கு வட்டம் தாவி, சுவரின் மூலைவரை போயின. மாத்திரை சீட்டுக் கட்சி, பேனர் அம்புக் கட்சி. “கோடு கோடா இழுத்தா மார்க்கு வருமா?” என்பாள் ஒருத்தி. “சீட்டாடினா வருமா?” என்பாள் மற்றவள். நடுவில் அண்ணன்காரன். அவன் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிஃப்ட் பல வருஷமாக இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிற்கிறது. அந்த மனுஷன் அதைத் தாண்டித் தினமும் படியேறி வருவான். இதற்கு மேல் அவனைப் பற்றி என்ன சொல்ல?

அன்றிலிருந்து எதிர் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. ஒருத்தி சமைத்ததை மற்றவள் தானே போட்டுச் சாப்பிட்டாள். மாத்திரை சீட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டில் வந்து படிக்கத் தொடங்கினாள்.

“அக்கா, நீங்க சும்மா பேரைப் படிங்க, நான் சொல்றேன்.”

“பொட்டாசியம்,” என்றேன்.

அவள் கண் சீட்டின் ஓரத்துக்குப் போனது. ஓரம் இல்லை. உதட்டைக் கடித்தாள். “பொட்டாசியம்... அது வந்து... வெள்ளியா இருக்கும், மென்மையா இருக்கும்...”

“எந்தத் தொகுதி?”

“சொல்றேன், இருங்க. முன்னாடி என்ன சீட்டு வந்துச்சு?”

“முன்னாடி ஆர்கான்.”

“ஐயோ, அதுக்கு முன்னாடி சோடியம்னா சொல்லிடுவேன்!”

பேனர் சொன்னது பொய்யில்லை என்று எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. இவள் தலையில் இருந்தது கலரும் வரிசையும்தான், பொட்டாசியம் அல்ல. அதைச் சொன்னால் அடுத்த நாள் வர மாட்டாள் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அவளும் மக்கு இல்லை. அன்றே சீட்டுகளை நன்றாகக் கலைத்து, இரண்டு தையல் டப்பாக்களை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். சரியாகச் சொன்ன சீட்டு ஒரு டப்பாவில், தடுமாறியது இன்னொன்றில். தடுமாறியதை அடிக்கடி எடுப்பது, சரியாகச் சொன்னதை இடைவெளி விட்டுப் பார்ப்பது. பித்தான் டப்பா தடுமாற்றம், கொக்கி டப்பா தேர்ச்சி. நாளாக நாளாகப் பித்தான் டப்பா இளைத்தது.

“ஹைட்ரஜன்?”

“முதல் தொகுதிக்கு மேல உக்காந்திருக்கும். வெளிக்கூட்டுல ஒரு எலக்ட்ரான். ஆனா உலோகம் கிடையாது.”

“வீட்டோட மாப்பிள்ளை மாதிரி. சரி, ஹீலியம்?”

“ரெண்டே ரெண்டு எலக்ட்ரான். ரெண்டுன்னு பாத்து ரெண்டாம் தொகுதியில போட்டா தப்பு. அதோட கூட்டுக்கு ரெண்டுதான் கொள்ளும், அதனால நிறைஞ்சிருச்சு. மந்த வாயு. யாரோடயும் ஒட்டாது.”

“உன் வீட்டுக்காரர்.”

சண்டைக்குப் பிறகு அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஒரு மதியம், மாத்திரை கடைக்குப் போயிருந்தபோது, பேனர் என் கத்திரியைக் கொண்டுவந்தாள். கூர் மழுங்கித்தான் இருந்தது. நான் ஆரம்பிக்கும் முன்பே அவள் கண் மெஷின் பலகைமேல் இருந்த டப்பாக்களுக்குப் போய்விட்டது.

“அண்ணி இங்கதான் படிக்கிறாங்களா?”

“பின்ன உன் முகத்துல முழிச்சுட்டா படிப்பா?”

கொக்கி டப்பாவில் மேலாக இருந்த சீட்டை எடுத்தாள். அது தனிமத்தின் சீட்டு அல்ல, தொகுதியின் சீட்டு. ஒவ்வொரு தொகுதிக்கும் அப்படி ஒன்று செய்திருந்தாள் மாத்திரை. பேனர் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். புருவம் மெல்ல ஏறியது. பிறகு சீட்டை எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வைத்தாள். விரலால் தட்டி நேராக்கினாள்.

“நல்லாப் படிக்கிறாங்களாக்கா?”

“பித்தான் டப்பா பாதி காலி.”

“ம்,” என்றாள், அப்படியே அண்ணன் மாதிரி. போய்விட்டாள்.

ஒரு மனுஷி ஒரு அட்டையை இரண்டு முறை படித்துவிட்டுச் சும்மா போனால் எனக்குத் தூக்கம் வருமா? நானும் எடுத்துப் பார்த்தேன். ‘தொகுதி 17. ஹாலஜன்கள். வெளிக்கூட்டில் ஏழு. கீழே போகப் போக அணு பெரிதாகும். வினைபுரியும் வேகம் கூடும்.’ எனக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. சாயங்காலம் ஒரு கரண்டி சர்க்கரை கேட்கும் சாக்கில் எதிர் வீட்டுக்குப் போய், சுவரில் தொங்கிய தட்டியைப் பார்த்தேன். ஏழிலிருந்து கிளம்பிய அம்பு ஹாலஜன்களுக்குப் போய், அங்கிருந்து கீழே இறங்கிய அம்பின்மேல் ‘குறையும்’ என்றிருந்தது.

ஒருத்தி கூடும் என்கிறாள், ஒருத்தி குறையும் என்கிறாள். எனக்கு வேதியியல் தெரியாது. ஆனால் இரண்டில் ஒன்று தப்பு என்று தெரிந்துகொள்ள வேதியியல் தேவையில்லை.

பேனர் அடுப்படியில் இருந்தாள். “ஏன்டி, உன் படத்துல குறையும்னு போட்டிருக்கே, உங்கண்ணி கூடும்னு எழுதியிருக்காளே?”

சர்க்கரை டப்பாவை என் கையில் வைத்தாள். “எது சரின்னு அங்க போனா தெரியும்.”

“அப்ப உனக்குத் தெரியும்.”

“எனக்கு என்ன தெரியும்னு சொன்னாலும் அண்ணி நம்ப மாட்டாங்க அக்கா. உதவி பண்ணா கேட்டுட்டுப் பண்ணணுமாம். அவங்க கேக்கட்டும்.” அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குப் புரியவில்லை. ஒரே ஓர் இடம் இருக்கிறது, அதற்கு முன்னால் தடையாக நிற்பவள் தானாகத் தடுக்கி விழப்போகிறாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். சும்மா இருப்பதைக் குற்றம் என்று யார் சொல்ல முடியும்?

அதனால் நானே மாத்திரையிடம் சொன்னேன். எனக்கு எதையும் உள்ளே வைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை.

கேட்டதும் அவள் முகம் இறுகியது. “அவ படத்தைப் பாத்து நான் திருத்தணுமா? ஓரத்தை வெட்டினவதானே? இப்ப மண்டையையும் குழப்பணும், அதுக்குச் சுவத்துல வேணும்னே மாத்தி எழுதியிருப்பா.”

“புத்தகத்துல பாத்துடேன்.”

“புத்தகத்தைப் பாத்துத்தான் எழுதினேன் அக்கா! முதல் தொகுதியில வரிக்கு வரி சரிபார்த்துட்டுத்தான் மத்ததுக்குப் போனேன்.” கையில் இருந்த சீட்டை டப்பாவில் போட்டாள். “தேர்வுக்கு முன்னாடி இனி எதையும் மாத்தப் போறதில்ல. மாத்தினா எல்லாம் ஆடிப்போயிடும்.”

அந்த வாக்கியத்திலேயே தப்பு எங்கே நடந்தது என்பது இருந்தது. எங்களுக்குத்தான் அப்போது தெரியவில்லை. மருந்துக் கடையில் ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்று முதல் லேபிளைச் சரிபார்த்து எழுதுவார்கள். பிறகு அதையே பார்த்துப் பார்த்து வரிசையாக மற்ற லேபிள்களில் எழுதி ஒட்டுவார்கள். முதலாவது சரி என்றால் மிச்சமெல்லாம் சரி. வருஷக்கணக்கில் அப்படி எழுதிப் பழகிய கை. முதல் தொகுதிச் சீட்டைப் புத்தகத்தோடு ஒப்பிட்டது, பிறகு அடியிலிருந்த வரியை அப்படியே ஒவ்வொரு தொகுதிக்கும் இறக்கிவிட்டது.

தேர்வு நாள் வந்தது. கூட வரச்சொல்லி மாத்திரை என்னைத்தான் கேட்டாள், புருஷனை அல்ல. பேனர் தனியாக முன்னால் கிளம்பிப் போயிருந்தாள்.

மருத்துவமனையின் பின்கட்டில் ஒரு நீள நடைவழி. மருந்து வாசனை. ஒரு பக்கம் பெஞ்சு, எதிரே கதவு. கதவின் கீல் சரியில்லை, யார் சாத்தினாலும் ஒரு விரல் அளவு திறந்துகொள்ளும். நல்ல கதவு. பெஞ்சின் அந்தக் கோடியில் பேனர். இந்தக் கோடியில் மாத்திரையும் நானும். நடுவில் யாரோ சில பெண்கள், ஆளுக்கொரு புத்தகத்தை முணுமுணுத்தபடி. ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். ஒருத்தி அழுதுகொண்டே வெளியே வந்தாள். மாத்திரையின் மடியில் சீட்டுக்கட்டு. கை வியர்த்து மேல் சீட்டின் மை லேசாக ஊறியது.

நடுவில் இருந்தவர்கள் தீர்ந்தார்கள். பெஞ்சில் நாங்கள் மூன்று பேர்தான் மிச்சம். பேனர் எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து எங்களிடம் வந்து நின்றாள்.

“அண்ணி.”

மாத்திரை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அண்ணி, என்னை நம்ப வேண்டாம். உங்க சீட்டையே எடுங்க. புளோரின் எடுங்க.”

“போடி அந்தப் பக்கம்.”

“புளோரின் எடுங்க அண்ணி, அடுத்தது நம்மளைத்தான் கூப்பிடுவாங்க! உங்க கையெழுத்துதானே? படிங்க!”

உள்ளே இருந்து யாரோ “வெளியில சத்தம் போடாதீங்க” என்றார்கள். மாத்திரை சீட்டுகளைத் தள்ளி, புளோரினை எடுத்துத் திருப்பினாள்.

“‘மேலே முதலாவது. ஹாலஜன்களிலேயே அதிக வினை.’”

“பெஞ்சுல வைங்க. அயோடின்?”

“‘திடப்பொருள். குளோரின், புரோமினை விட மெதுவாக வினைபுரியும்.’”

“அதைக் கீழ வைங்க. மேல புளோரின், கீழ அயோடின். இப்ப தொகுதிச் சீட்டை எடுத்துப் படிங்க.”

மாத்திரை எடுத்தாள். வாய்க்குள்ளேயே படித்தாள். ‘கீழே போகப் போக... கூடும்.’ அவளுடைய சீட்டே அவளுடைய சீட்டைப் பொய் என்றது.

“நான்... நான் எல்லாத்துலயும் இதையே எழுதியிருக்கேனே...”

“குறையும் அண்ணி. அவ்வளவுதான். குறையும்னு சொல்லிடுங்க.”

“ஏன் குறையுது?”

பேனர் விழித்தாள். “குறையும். அம்பு அப்படித்தான்.”

“ஏன்னு கேட்டா? முதல் தொகுதியில கூடுது, இதுல ஏன் குறையுதுன்னு கேட்டா என்ன சொல்லுவ?” மாத்திரை அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். “உன் அம்புல ‘ஏன்’னு ஒண்ணு போடலையா?”

“போடல.”

“சோடியம் எங்க... இந்தா.” இப்போது மாத்திரையின் கைகள் தானாகச் சீட்டுகளைத் தேடின. லித்தியம், சோடியம், பொட்டாசியம் ஒரு வரிசையாக ஒன்றின்கீழ் ஒன்று. பக்கத்தில் புளோரின், குளோரின், புரோமின், அயோடின். பெஞ்சு போதாமல் என் மடியிலும் ஒன்று. “இவனுக்கு வெளிய ஒண்ணு இருக்கு. அதைக் குடுத்துடணும். அந்தப் புளோரின் வரிசைக்கு ஏழு இருக்கு. இன்னொண்ணு வாங்கணும். கீழ போகப் போக ரெண்டு பக்கமும் அணு பெருசாகுது. வெளிக்கூடு நடுவுல இருந்து தூரமாகுது. தூரமானா நடுவுல இருக்கிற பிடி தளரும்.”

“தளர்ந்தா குடுக்கிறது சுலபம்,” என்றாள் பேனர் மெதுவாக.

“வாங்குறது கஷ்டம்.”

“அப்ப... ஒரே காரணம்.”

“ஒரே காரணம்டி! இந்தப் பக்கம் கூடும், அந்தப் பக்கம் குறையும்.”

பேனர் பையிலிருந்து மார்க்கரை எடுத்து, சீட்டுக்கட்டின் அடியில் இருந்த வெற்று அட்டை ஒன்றில் ‘பிடி தளரும்’ என்று எழுதி, இரண்டு வரிசைக்கும் நடுவில் வைத்தாள். பெஞ்சின்மேல் சீட்டுகளும் அம்பும் சேர்ந்து ஒரே படமாகக் கிடந்தன. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சண்டைக்குப் பிறகு அவர்கள் தோள் உரச உட்கார்ந்தது அப்போதுதான்.

கதவு திறந்து, மாத்திரையை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் போனதும் கதவு சாத்தப்பட்டது. கீல் தன் வேலையைச் செய்தது. நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். நகராவிட்டாலும் கேட்டிருக்கும்.

தலைவியம்மாவின் குரல் மெல்லியது, ஊசி மாதிரி. “இந்தக் கட்டம்?” “பேரியம்.” “தொகுதி?” “ரெண்டு. காரமண் உலோகம்.” “இது?” “நியான்.” தடங்கல் இல்லை. பேனர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், வளையல் அழுந்தியது.

“ஹாலஜன்கள்ல கீழ போனா வினை எப்படி மாறும்?”

பேனரின் பிடி இறுகியது. நானே கத்திவிடலாம் போலிருந்தது.

“குறையும்மா.”

“கார உலோகத்துல?”

“கூடும்.”

“அதெப்படி? ரெண்டுலயும் அணு பெருசாத்தானே ஆகுது?”

“ஆமாம்மா. பெருசானா வெளிக்கூட்டு மேல பிடி தளரும். குடுக்கிறவனுக்கு அது வசதி. வாங்குறவனுக்கு அதுவே இடைஞ்சல்.”

உள்ளே பேனா எழுதுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பிறகு பேனர் போனாள். மாத்திரை என் பக்கத்தில் வந்து விழுந்த மாதிரி உட்கார்ந்தாள். உள்ளே பேனர் பிரமாதமாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். கூடும், குறையும், பிடி தளரும், எல்லாம் மணி மணியாக வந்தன. தலைவியம்மா, “வெளிக்கூட்டுல ரெண்டு எலக்ட்ரான் இருக்கிற தனிமங்களைச் சொல்லி, அட்டவணையில வெச்சுக் காட்டு” என்றாள்.

“மெக்னீசியம், கால்சியம்... ஹீலியம்.”

“ஹீலியத்தை எங்க வைப்பே?”

“ரெண்டாம் தொகுதியில மேல. பெரிலியத்துக்கு மேல.”

மாத்திரை துள்ளி நிமிர்ந்தாள். “கூடு நிறைஞ்சிருச்சுடி, கூடு நிறைஞ்சிருச்சு,” என்று கதவைப் பார்த்து முணுமுணுத்தாள். எழுந்தேவிட்டாள். நான்தான் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தேன். பேனரின் தட்டியில் ‘இரண்டு’ என்ற வட்டத்திலிருந்து ஹீலியத்துக்கும் ஓர் அம்பு போயிருந்தது. அதை அவள் அழிக்கவே இல்லை. தட்டியை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லாததால், அந்த அம்பு தப்பு என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

முடிவைச் சாயங்காலம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். மாத்திரையின் பெயர்தான். நாங்கள் வீட்டுக்கு வந்தபோது பேனர் தட்டியைச் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றபடி, “ஏன்டி, வேணும்னே விட்டுக் குடுத்தியா?” என்று கேட்டுப் பார்த்தேன்.

“வேணும்னா? அக்கா, எனக்கு வயிறு எரியுது! அண்ணி சீட்டுல ஹீலியம் இருந்துச்சே, அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தப்ப அதை எடுத்துப் பாத்திருக்கக் கூடாதா? ஹாலஜனை எடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!”

“இனிமே என் சீட்டை எடுத்தா கேட்டுட்டு எடு,” என்றாள் மாத்திரை உள்ளேயிருந்து. பிறகு, “சாப்பிட வா,” என்றாள்.

“ம்,” என்றது உள்ளறை. அன்றைக்கு அதற்கு அர்த்தம் சந்தோஷம் என்று நினைக்கிறேன்.

அடுத்த வருஷம் பேனர் வேறு ஊரில் அதே மாதிரி ஒரு தேர்வு எழுதி, சீட்டுக்கட்டும் தட்டியும் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போய், இடம் பிடித்தாள். சீட்டு ஓரங்களில் கலர் கிடையாது. அங்கேயே எக்ஸ்ரே எடுக்கிற ஒருவனைக் கல்யாணமும் செய்துகொண்டாள். பையன் வாயே ஓயாமல் பேசுகிறான். அந்தக் குடும்பத்துக்குள் அப்படி ஒருத்தன் வந்தது நல்லதுதான். மாத்திரை பயிற்சி முடித்து, மருத்துவமனைக் குடியிருப்பில் வீடு கிடைத்துக் குடிபோனாள். சாமான் ஏற்றிய அன்று, ஃபிரிட்ஜைப் படிவழியாக இறக்க முடியாது என்று தெரிந்ததும், லிஃப்ட் மெக்கானிக் கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரு காலைப்பொழுதில் லிஃப்ட்டைச் சரிசெய்தான். இத்தனை வருஷம் என்ன செய்தாய் என்று கேட்டேன்.

“ம்,” என்றான்.